பணம் எண்ணும்போது மாறும் குரல்

வங்கிகளின் தொலைபேசிக் குரலை எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், பதிவுசெய்கிறவர்கள், கடைசியில் அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அனைவருக்கும்,

போன வருடம் ஒரு ராத்திரி, மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் என் அக்கா வீட்டுக்காரரின் பர்ஸ் தொலைந்தது. டெபிட் கார்டு அதற்குள் இருந்தது. அவருக்கு 66 வயது. என்னை ஃபோனில் கூப்பிட்டு, என்ன செய்வதென்று கேட்டார். வங்கி எண்ணைச் சொல்லி, அவர் ஃபோனிலிருந்தே பேசச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். கார்டு இன்னும் நிறுத்தப்படவில்லை. அவர் கேட்ட கேள்வி வேறு: "ஏம்மா, நீ குடுத்தது நிஜமாவே பேங்க் நம்பர்தானா?"

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மறுநாள் அதே எண்ணை நான் கூப்பிட்டுக் கேட்டேன். விளம்பரத்தில் வருகிற மாதிரி இனிமையான பெண்குரல். அழைத்தமைக்கு நன்றி சொன்னது. அழைப்பு பதிவுசெய்யப்படலாம் என்றது. தனிநபர் கடன் பற்றி ஒரு வாக்கியம் சொன்னது. மொழி கேட்டது. ஏழு தேர்வுகளை வாசித்தது. கார்டு தொலைந்தால் என்பது ஆறாவது. அதை அழுத்தியதும், "தங்களது 16 இலக்க அட்டை எண்ணை உள்ளிடவும்" என்றது. அட்டைதான் தொலைந்துவிட்டதே! எதுவும் அழுத்தாமல் இருந்தால், "தாங்கள் அளித்த உள்ளீடு தவறானது" என்றது, அதே இனிமையோடு.

அக்கா வீட்டுக்காரர் அப்போது சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு மோசடி ஆள் அவரைக் கூப்பிட்டிருக்கிறான். "ஐயா, பதட்டப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பேசி, ஓ.டி.பி. வரை வந்துவிட்டான், அக்கா ஃபோனைப் பிடுங்கியதால் தப்பித்தார். "அந்தத் திருட்டுப் பயல் இதைவிட நல்லாப் பேசினான்" என்றார்.

நம் தொழிலின் சிக்கல் முழுதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மோசடிக்காரனின் குரலும் கனிவானதுதான். ஐயா, அம்மா என்கிறான், பொறுமையாக விளக்குகிறான். குரலில் தேன் ஊற்றினால் நம்பிக்கை வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் போட்டியில் அவன்தான் ஜெயிப்பான். அவனால் செய்ய முடியாததை நம் குரல் செய்தாக வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 11 வருடம் வங்கிக் கவுண்டரில் கேஷியராக இருந்தேன். பிறகு ஓய்வு பெறும் வரை தொலைபேசிச் சேவைப் பிரிவில், ஐ.வி.ஆர். பேசும் தமிழ் வாசகங்களை எழுதுவதும் பதிவின்போது உட்கார்ந்து கேட்பதும் என் வேலை. மேலே சொன்ன வாசகங்களைப் போல நானும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். எனவே இது புகார்க் கடிதம் இல்லை, கற்றுக்கொண்டதைக் கைமாற்றிவிடும் கடிதம்.

யார் பேசுகிறார்?

குரலைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் ஒரு தாள் சுற்றிவரும். "நட்பு, இளமை, துடிப்பு, நம்பகம்" என்று அதில் இருக்கும். இந்தத் தாளை வைத்து யாரும் ஒரு வாக்கியம் எழுத முடியாது. கார்டு நிறுத்த முடியாமல் போனால் "துடிப்பு" என்ன சொல்லும்?

பண்புகளின் பட்டியலை விட்டுவிட்டு ஓர் ஆளை முடிவு செய்யுங்கள். நான் எப்போதும் மனதில் வைத்துக்கொண்டது ஒரு கேஷியரை: 40 வயதுக்கு மேல், அதே கிளையில் பல வருடம், பென்ஷன் வாங்க வருகிறவர்களை முகம் பார்த்தே தெரிந்துகொள்கிறவர். அவரை நன்றாகக் கவனித்திருந்தால் ஒன்று தெரியும். அவருக்கு இரண்டு குரல் உண்டு. "வாங்க, ஸ்லிப் எழுதிட்டீங்களா, பேனா அங்க இருக்கு பாருங்க" என்பது ஒன்று. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அந்தக் குரல் மாறிவிடும். சிரிப்பு நிற்கும், வேகம் குறையும், சொற்கள் முழுசாக வரும்: "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். சரிபார்த்துக்கோங்க." பணத்தை எண்ணிக்கொண்டே அரட்டை அடிக்கிற கேஷியரை யாரும் நம்புவதில்லை. எண்ணி முடித்த பிறகும் நிமிர்ந்து பார்க்காத கேஷியரை யாருக்கும் பிடிப்பதில்லை.

கனிவும் நம்பகமும் ஒரே வாக்கியத்தில் பாதிப் பாதியாகக் கலக்கிற சங்கதி அல்ல. வழிகாட்டும் இடத்தில் கனிவு, உறுதி சொல்லும் இடத்தில் துல்லியம். எந்த வாக்கியம் எந்த வகை என்று ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே குறித்துவையுங்கள். வழிகாட்டும் வாசகங்களைப் பேச்சு நடையில் எழுதுங்கள்: "கார்டு தொலைஞ்சிருந்தா ஒன்றை அழுத்துங்க." உறுதி சொல்லும் வாசகங்களை முழு வடிவில் எழுதுங்கள்: "உங்கள் கார்டு நிறுத்தப்பட்டுவிட்டது." இரண்டையும் ஒரே ஆள் பேசும்போது, அந்த மாற்றமே கேட்பவருக்குச் சேதி. 'இனி சொல்வது முக்கியம்' என்று சொல்லாமலே புரிந்துவிடும்.

மூன்று விகுதிகள்

ஆங்கிலத்தில் எழுதி வரும் வாசகத்தை மொழிபெயர்த்து வாங்கும் வழக்கத்தால், தமிழ் கையில் வைத்திருக்கும் கருவிகளை நாம் தொடுவதே இல்லை. மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது '-வும்'. "அழுத்தவும்", "காத்திருக்கவும்", "உள்ளிடவும்". இது அறிவிப்புப் பலகையின் இலக்கணம். "இங்கே குப்பை கொட்டக் கூடாது" என்பதைப் போல, சொன்னவர் யாரென்றே தெரியாத வாக்கியம். எதிரே நிற்கும் மனிதரிடம் யாரும் "உட்காரவும்" என்று சொல்வதில்லை. எவ்வளவு இனிமையான குரலில் பேசினாலும் '-வும்' பலகையாகவே கேட்கும். "அழுத்துங்க" என்றால் ஓர் ஆள் வந்துவிடுகிறார். "அழுத்துங்கள்" என்றாலும் பரவாயில்லை. "தாங்கள், தங்களது" என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு. இங்கே "நீங்கள், உங்கள்" போதும். எந்த ஊர்ப் பேச்சு என்ற சண்டை உங்கள் குழுவிலும் வரும். கோவைக்காரர், நெல்லைக்காரர், சென்னைக்காரர் மூவரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகிற பேச்சு நடை ஒன்று உண்டு; வினைமுற்று மட்டும் பேச்சில், பெயர்ச்சொற்கள் முழுசாக. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது '-வோம்'. நம் மொழியில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. "முதல்ல கார்டை நிறுத்திடுவோம்" என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற 'நாம்'. பதறிப்போய் நிற்பவருக்கு அந்த ஒரு சொல் பக்கத்தில் ஆள் வந்து நின்ற மாதிரி. ஆனால் வாக்குக் கொடுக்கும் இடத்தில் 'நாங்கள்' வேண்டும்: "புகார் எண்ணை நாங்கள் குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறோம்." அங்கே 'நாம்' வந்தால் பொறுப்பில் பாதி வாடிக்கையாளர் தலையில் விழும். "அனுப்பப்படும்" என்றால் பொறுப்பு யார் தலையிலும் இல்லை. 'நான்' மட்டும் வேண்டாம். பதிவுக் குரலுக்கு ஒரு பெண் பெயர் வைத்து "நான் உங்கள் தோழி" என்று பேச வைக்கும் ஆசை பல வங்கிகளுக்கு வந்திருக்கிறது. எதிரே ஆள் இருப்பதாக நினைத்து ஒரு பாட்டி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்து, அந்தத் தோழி "சரியான தேர்வை அழுத்தவும்" என்றால், அந்த நிமிடமே வங்கி பொய் சொன்னதாக ஆகிவிடும்.

மூன்றாவது மிக ஆபத்தானது: எதிர்மறை. தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் வாலில் வருகிறது. "உங்கள் கார்டு நிறுத்தப்பட்டுவிட்டது", "உங்கள் கார்டு நிறுத்தப்படவில்லை" இரண்டும் கடைசிச் சில அசைகள் வரை ஒன்றே. செல்ஃபோன் இணைப்பில் ஒரு நொடி விட்டுப்போனாலோ, பதிவை வெட்டியவர் வாலைக் கொஞ்சம் நறுக்கிவிட்டாலோ, பேசியவர் மூச்சுத் தளர்ந்து கடைசி அசையை விழுங்கினாலோ, அர்த்தம் தலைகீழ். எனவே தோல்வியைச் சொல்லும் வாக்கியத்தை வாலில் தொங்கவிடாதீர்கள். முதல் சொல்லிலேயே திசையைக் காட்டுங்கள், எதிர்மறையை உடன்பாட்டுச் சொல்லாக மாற்றுங்கள்: "மன்னிக்கணும், ஒரு தடங்கல். உங்கள் கார்டு இன்னும் திறந்தே இருக்கிறது. உடனே அதிகாரியிடம் இணைக்கிறோம்." பாதி காதில் விழுந்தாலும் இது வெற்றிச் சேதியாகக் கேட்காது.

அந்த அழைப்பை மறுபடி எழுதினால்

மாட்டுத்தாவணி அழைப்பையே எடுத்துக்கொள்வோம். இரவு 9.40. சத்தம். கையில் கார்டு இல்லை. பதிவான ஃபோன் மட்டும் இருக்கிறது.

முதல் வாசகம்: "வணக்கம். கார்டு தொலைஞ்சிருந்தா, இல்ல உங்களுக்குத் தெரியாம பணம் போயிருந்தா, ஒன்றை அழுத்துங்க." வங்கியின் பெயர், இந்த வாசகம், அவ்வளவுதான். மொழிக் கேள்வி முன்னால் வர வேண்டியதில்லை. இந்த எண்ணிலிருந்து முன்பு எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாற்ற விரும்புகிறவருக்கு ஒரு பொத்தான் கொடுத்தால் போதும். கடன் விளம்பரம் இந்தப் பாதையில் எங்கேயும் கூடாது. வீடு எரிகிறவனிடம் பெயிண்ட் விற்கிற கதை அது.

ஒன்றை அழுத்துகிறார். "சரி, முதல்ல கார்டை நிறுத்திடுவோம். இதுக்கு பின் நம்பரோ ஓ.டி.பி.யோ தேவையில்லை." இந்த இரண்டாவது வாக்கியம்தான் மோசடிக்காரனால் சொல்ல முடியாதது. அவன் வந்ததே அதற்காகத்தான். யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள் என்று ஒரு பக்கம் செய்தி அனுப்பிவிட்டு, இன்னொரு பக்கம் நம் இயந்திரமே அதைக் கேட்டால், வாடிக்கையாளர் எதை நம்புவார்? கார்டை நிறுத்துவது பணத்தை வெளியே அனுப்பும் வேலை இல்லை. தவறான ஆள் நிறுத்திவிட்டாலும் விளைவு ஒரு தொந்தரவு, அவ்வளவே. எனவே பதிவான எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்பதே இதற்குப் போதுமான அடையாளம். பணம் அனுப்புவது, எண்ணை மாற்றுவது போன்ற வேலைகளுக்குக் கடுமையான சோதனை இருக்கட்டும். பூட்டைத் திறக்கத்தான் சாவி வேண்டும். பூட்டுவதற்கும் சாவி கேட்டால், கதவு ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும்.

அடுத்து: "இந்த எண்ணில் ஒரு டெபிட் கார்டு இருக்கிறது. கடைசி நான்கு எண்கள்: ஃபோர், செவன், ஸீரோ, டூ. இதை நிறுத்த ஒன்றை அழுத்துங்க. வேற கார்டுன்னா இரண்டு." இங்கே வங்கிதான் முதலில் தன்னை நிரூபிக்கிறது. நாலு எண்களை வாடிக்கையாளரிடம் கேட்காமல் நாமே சொல்வதால், எதிரே இருப்பது வங்கிதான் என்று அவருக்குத் தெரிகிறது. செய்யப்போவதை முதலில் சொல்லி, பொத்தானைக் கடைசியில் சொல்வதையும் கவனியுங்கள். "எண் ஒன்றை அழுத்தி…" என்று ஆரம்பித்தால், எதற்கு என்று தெரிவதற்குள் எண் மறந்துபோகும். தமிழின் இயல்பான வரிசையே நமக்குச் சாதகம்.

இப்போது அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும், திரை வெளிச்சமாக வேண்டும், எண்பலகையைத் திறக்க வேண்டும், கண்ணாடி தேட வேண்டும். பழைய தொலைபேசிக் காலத்தில் வைத்த 5 நொடி அவகாசத்தையே இன்னும் வைத்திருக்கிற அமைப்புகள் உண்டு. 66 வயதுக்காரருக்கு அது போதாது. 10 நொடி கொடுங்கள். அந்த இடைவெளியில் எதையும் பேசாதீர்கள், காதில் ஃபோன் இல்லை. அவர் அழுத்தாவிட்டால் "உள்ளீடு தவறானது" வேண்டாம். தவறு செய்தவர் அவர் இல்லை. "பரவாயில்லை, மறுபடி சொல்றோம்" என்று சொல்லி, அதே வாசகத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாம் முறை கேட்காமல் ஓர் ஆளிடம் இணைத்துவிடுங்கள். ஒரே பதிவை மூன்று முறை ஒலிக்கவிட்டால், எந்தக் குரலும் கிண்டலாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

அவர் ஒன்றை அழுத்துகிறார். வங்கிக் கணினி வேலை செய்கிறது, நாலைந்து நொடி ஆகும். இந்த மௌனத்தை விளக்காமல் விட்டால் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதாக நினைத்து வைத்துவிடுவார். "நிறுத்திட்டிருக்கோம், லைன்லயே இருங்க." பிறகு கேஷியரின் இரண்டாவது குரல்:

"உங்கள் கார்டு நிறுத்தப்பட்டுவிட்டது. நேரம், இரவு ஒன்பது நாற்பத்து இரண்டு. புகார் எண்ணை நாங்கள் குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறோம்."

நேரத்தைச் சொல்வது அலங்காரம் அல்ல. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியையே சேரும் என்றது. அவரே கவனக்குறைவாக இருந்திருந்தாலும் கூட. வங்கியின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு இழப்பே இல்லை என்றது. புகார் எண்ணோடு உடனடியாக ஒப்புதல் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஆகவே "ஒன்பது நாற்பத்து இரண்டு" என்பது ரசீது. கவுண்டரில் முத்திரை குத்திக் கொடுப்பதைப் போல, குரலால் குத்துகிற முத்திரை. வாடிக்கையாளர் நாளைக்கு நமக்கு எதிராகவே காட்டக்கூடிய ஒரு சான்றை நாமே அவர் கையில் கொடுக்கிறோம். மோசடிக்காரன் ஒருநாளும் செய்யாத இரண்டாவது காரியம் இது.

கடைசியாக ஒரு நேர்மையான எல்லை: "கார்டு மட்டும்தான் நின்றிருக்கிறது. யு.பி.ஐ. தொடர்ந்து வேலை செய்யும். அதையும் நிறுத்தணும்னா இரண்டை அழுத்துங்க. வேற எதுவும் வேண்டாம்னா ஃபோனை வெச்சிடலாம்." "இனி உங்கள் பணம் முழுப் பாதுகாப்பில் உள்ளது" என்று எழுத மேலதிகாரி சொல்வார். எழுதாதீர்கள். நிறுத்தியது எது, நிறுத்தாதது எது என்று சொல்கிற குரலைத்தான் அடுத்த முறை நம்புவார்கள். "வெச்சிடலாம்" என்பதும் முக்கியம். மோசடிக்காரன் கெஞ்சுவது, ஃபோனை வைக்காதீர்கள் என்றுதான்.

எண்கள் பேசும் தமிழ்

இவ்வளவு எழுதியும் ஒரே இடத்தில் குரல் உடைந்துபோகலாம். தொகை சொல்லும் இடம் அது. "இரண்டு… ஆயிரம்… நான்கு… நூறு… ஐம்பது… ரூபாய்." தனித்தனியாகப் பதிந்த சொற்களை ஒட்டவைத்தால் இப்படித்தான் வரும். ஆங்கில எண்களுக்கு இந்த ஒட்டுவேலை ஓரளவு ஒத்துப்போகும். தமிழில் எண் அடுத்த எண்ணைத் தொடும்போது உருவம் மாறுகிறது: ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும், நூறு 'நூற்று' ஆகும். நான்கு நூறு என்று ஒன்று கிடையாது, 'நானூறு'தான். ஒன்பது நூறு கிடையாது, 'தொள்ளாயிரம்'. அந்தச் சொல்லுக்குள் ஆயிரம் ஒளிந்திருப்பதால், மோசமான இணைப்பில் ஒன்பதாயிரமாகக் காதில் விழும் அபாயமும் உண்டு.

வழி ஒன்றுதான்: தேவையான வடிவம் ஒவ்வொன்றையும் முழுசாகப் பதிவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 முதல் 99 வரை 99 பதிவு. நூறுகள் ஒன்பதுக்கும் இரண்டிரண்டு, அதாவது 'நானூறு', 'நானூற்று' என்று 18. ஆயிரங்கள் 99க்கும் இரண்டிரண்டு, 198. லட்சங்களுக்கும் 'லட்சம்', 'லட்சத்து' என்று 198. ஆக 513. கோடிக்குள் எந்தத் தொகையையும் தமிழாகச் சொல்ல இவ்வளவுதான் வேண்டும். ஒரு பேச்சாளர் ஒரே வாரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் "எண்களுக்குச் செலவா?" என்று வெட்டப்படுவது முதலில் இதுதான்.

இப்போது பலரும் எழுத்தைப் பேச்சாக்கும் கணினிக் குரலுக்கு மாறுகிறார்கள். தவறில்லை. ஆனால் வரவேற்பை ஒரு பெண்மணி பேசி, தொகையை மட்டும் வேறு கணினிக் குரல் நடுவில் புகுந்து சொல்கிற ஏற்பாடு வேண்டாம். சரியாகப் பணம் வருகிற இடத்தில் ஆள் மாறினால், கவுண்டரில் கேஷியர் எழுந்துபோய் யாரோ தெரியாதவர் நோட்டை நீட்டிய மாதிரி. முழுதும் ஒரே குரலாக இருக்கட்டும்.

கார்டின் கடைசி நாலு எண்ணை ஆங்கிலத்தில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். இதில் எங்கள் குழுவில் பெரிய சண்டையே நடந்தது. நான் தமிழ்க் கட்சி. கடைசியில் கவுண்டர் ஞாபகம்தான் என்னைத் தோற்கடித்தது. தொகையைத் தமிழில் சொல்கிற அதே மனிதர், கணக்கு எண்ணையும் ஃபோன் எண்ணையும் "நைன் எய்ட் ஃபோர்" என்றுதான் சொல்வார். மனதில் எந்த ஒலியில் இருக்கிறதோ அந்த ஒலியில் சொன்னால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஆனால் 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் ஃபோனில் ஒன்றுபோல் கேட்கும். எண்ணுக்கு எண் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றையும் முழுசாகச் சொல்ல வைப்பதுதான் தீர்வு.

குரலைத் தேடும்போது

அந்த ஃபைவ்-நைன் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்துகிறது. ஃப, ஸ போன்ற காற்றொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே உதிர்ந்துபோகும். ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரில் மயிலிறகு மாதிரி இருந்த குரல், ஃபோனில் மூச்சில்லாமல் வருவது இதனால்தான். மூச்சுக் கலந்த மென்மையான குரல்கள் இதில் அதிகம் இழக்கின்றன. கொஞ்சம் கட்டையாக, உயிரெழுத்துகளை நிறுத்திப் பேசுகிற குரல் அப்படியே வந்து சேர்கிறது. எனவே தேர்வுக்கு வரும் பதிவுகளை ஃபோனில் போட்டுத்தான் கேட்க வேண்டும். மலிவான ஃபோனில், முடிந்தால் தெருமுனையில் நின்றுகொண்டு.

என்ன பேசச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லோருக்கும் "வணக்கம், வரவேற்கிறோம்" நன்றாக வரும். மூன்று வாசகம் கொடுங்கள்: ஒரு தொகை, ஒரு தோல்விச் செய்தி, ஒரு காத்திருப்பு. "உங்கள் கார்டு இன்னும் திறந்தே இருக்கிறது" என்பதைச் சிரித்துக்கொண்டு சொல்பவரை அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். ஆணா பெண்ணா என்பதை அந்த மூன்று வாசகங்கள் முடிவுசெய்யட்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்ட் நாஸும் அவருடைய சகாக்களும் கார் ஓட்டும் சிமுலேட்டரில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2005இல் வெளிவந்தன. மனம் நொந்த நிலையில் இருந்தவர்கள், உற்சாகக் குரல் பேசியபோது மோசமாக ஓட்டினார்கள். அடங்கிய குரல் பேசியபோது நன்றாக ஓட்டினார்கள். நம் அழைப்பாளரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். வங்கிக்கு யாரும் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ள ஃபோன் செய்வதில்லை. கார்டு தொலைந்த பாதையின் வாசகங்களைத் தனியாக ஒரு நாள் பதியுங்கள். வரவேற்பு வாசகங்களைப் பதிந்த அதே உற்சாகத்தோடு தொடர்ந்து பதியாதீர்கள்.

பதிவுக்கு முன் ஒரு மலிவான சோதனை இருக்கிறது. ஓர் அறையில் நீங்கள் வாசகத் தாளோடு உட்காருங்கள். அடுத்த அறையில் உங்கள் அலுவலகக் காவலாளியையோ, ஊரிலிருந்து வந்த அம்மாவையோ ஃபோனோடு உட்காரவையுங்கள். நீங்களே இயந்திரம் போல வாசியுங்கள். அவர் அழுத்தும் எண்ணுக்கு ஏற்ப அடுத்த வாசகத்துக்குப் போங்கள். அவர் எங்கே "ஆங்?" என்கிறார், எங்கே ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேரிடம் செய்தாலே, திருத்த வேண்டிய வாக்கியங்கள் தாமே எழுந்து நிற்கும். அமைப்பு ஓட ஆரம்பித்த பிறகு, எந்த வாசகத்தின் நடுவில் அதிகம் பேர் ஃபோனை வைக்கிறார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். வாடிக்கையாளர் எழுதாமல் எழுதும் புகார்ப் புத்தகம் அது.

அந்தச் சோதனைக்கு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவரிடம் "குரல் பிடிச்சிருந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "இப்ப கார்டு நின்னுடுச்சா? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். யோசிக்காமல் "ஒன்பது நாற்பத்திரண்டுக்கு" என்று சொன்னால், உங்கள் குரல் வேலைக்குத் தகுதியாகிவிட்டது.

அக்கா வீட்டுக்காரர் அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் கிளை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்று, கேஷியரிடம் சொல்லி, கார்டை நிறுத்தி, ஒரு துண்டுத் தாளில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வெகுநாள் வைத்திருந்தார். ராத்திரி 9.42க்கே அதை அவர் காதில் கொடுத்திருக்கலாம்.

அன்புடன்,
கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய சகா